"அப்படி ஒரு தொகை வரவில்லை": வெளிநாட்டு வரவுச் சான்று கேட்ட கடிதம் ஒன்று திருந்திய விதம்

கோவையில் பம்ப் உதிரி பாகங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் சின்ன அலுவலகம் ஒன்றின் கணக்குகளை வாரம் ஒரு நாள் போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன். உரிமையாளர் ஒரு பெண் பொறியாளர். அவரோடு சேர்த்து நான்கு பேர். வேலை முழுக்க ஜெர்மனியில் இருக்கும் ஒரே வாடிக்கையாளருக்குத்தான். வரைபடம் மின்னஞ்சலில் போகும், பணம் யூரோவில் வரும். சரக்கு என்று எதுவும் துறைமுகம் போவதில்லை என்பதால் இது சேவை ஏற்றுமதி.

வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழியான எல்யூடி கொடுத்துவிட்டு ஜிஎஸ்டி போடாமல் பில் அனுப்புகிறார்கள். ஆனால் வரைபட மென்பொருளின் உரிமத்தை 18 சதவீத ஜிஎஸ்டி கட்டித்தான் வாங்கியாக வேண்டும். அந்த உள்ளீட்டு வரி கழிக்க வழியில்லாமல் குவிந்துகொண்டே போகும். அதைத் திரும்பப் பெற RFD-01 விண்ணப்பம் போட வேண்டும். ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் எதிரே, வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றான பிஆர்சி அல்லது எஃப்ஐஆர்சியின் எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லி அதில் ஒரு பட்டியல் உண்டு. சரக்கு ஏற்றுமதி செய்பவருக்கு ஷிப்பிங் பில் சாட்சியாக நிற்கும். சேவை ஏற்றுமதியில் பணம் அந்நியச் செலாவணியாகவோ, ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இடத்தில் ரூபாயாகவோ வந்து சேர்ந்தால்தான் அது ஏற்றுமதி என்றே ஆகும். அதனால் வரவுக்கான வங்கித் தாள் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்துக்கு விண்ணப்பம் போட்டபோது அந்தப் பட்டியலில் வங்கிக் கணக்கு அறிக்கையில் இருந்த பரிவர்த்தனை எண்களை எழுதி, அறிக்கையின் நகலையும் இணைத்திருந்தார்கள். சில நாளில் குறை சுட்டும் RFD-03 வந்தது. வரவுச் சான்று இல்லை, புதிதாக விண்ணப்பிக்கவும் என்றது. அது நியாயம்தான். கணக்கு அறிக்கையில் தெரிவது ரூபாய் வரவு மட்டும். அது எந்த நாட்டிலிருந்து, எந்தப் பணமாக, எதற்காக வந்தது என்பது அதில் இருக்காது.

சரி, வங்கியில் கேட்டு வாங்கிவிடலாம் என்று உரிமையாளரே ஒரு கடிதம் எழுதிக் கிளைக்கு அனுப்பினார். நான் அடுத்த வாரம் போனபோது அதைக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

"ஐயா, எங்கள் நிறுவனத்துக்கு 2024–25ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாத் தொகைகளுக்கும் எஃப்ஐஆர்சி தேவைப்படுகிறது. 7 ஜூன் அன்று வந்த 4,200 யூரோவுக்கும், ஜூலையில் வந்த 3,600, 2,750 யூரோவுக்கும், செப்டம்பரில் வந்த 1,150 யூரோவுக்கும் உடனே தந்து உதவவும். மிக அவசரம்."

படித்தால் ஒரு குறையும் தெரியாது. தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, பணிவும் இருக்கிறது. ஐந்து நாள் கழித்து வங்கியிலிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. ஏற்றுமதிக்கு எஃப்ஐஆர்சி வழங்கப்படுவதில்லை. குறிப்பிட்ட தொகைகள் பதிவில் இல்லை.

மேடத்துக்குக் கோபம். "பணம் அவங்க பேங்க்லதானே வந்துச்சு, எப்படிங்க இல்லைன்னு சொல்றாங்க?" என்றார். எனக்கும் முதலில் அலட்சியம் என்றே தோன்றியது. உட்கார்ந்து ஒவ்வொரு தொகையாகப் பார்த்த பிறகுதான் புரிந்தது, பதில் எழுதியவர் பொய் சொல்லவில்லை. கடிதத்தில் இருந்த விவரம் எல்லாம் எங்கள் இன்வாய்ஸ் கோப்பிலிருந்து எடுத்தது. வங்கியின் பதிவில் அந்தப் பணம் வேறு தொகையாக, வேறு தேதியில், வேறு பெயரில் உட்கார்ந்திருந்தது.

முதலில் எஃப்ஐஆர்சி விஷயம். இந்தப் பெயர் இன்னும் எல்லோர் வாயிலும் இருக்கிறது, ஜிஎஸ்டி படிவத்திலும் இருக்கிறது. ஆனால் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் கணினி முறையில் ஏற்றுமதி வரவுகள் பதிவாகத் தொடங்கிய பின், 2016 வாக்கிலேயே, ஏற்றுமதிக்குக் காகித எஃப்ஐஆர்சி தருவதை வங்கிகள் நிறுத்திவிட்டன. அந்நிய நேரடி முதலீடு போன்றவற்றுக்குத்தான் இப்போது அது. நமக்குத் தருவது எஃப்ஐஆர்ஏ, அதாவது உள்வரும் வெளிநாட்டுப் பணத்துக்கான வரவு அறிவிப்பு. சில வங்கிகள் எஃப்ஐஆர்எஸ் என்று ஸ்டேட்மென்ட்டாகத் தருகின்றன. அதில் ஐஆர்எம் எண் என்று ஒன்று இருக்கும். உள்ளே வந்த ஒவ்வொரு தொகைக்கும் வங்கி போடும் அடையாள எண் அது. பழைய பெயரில் கேட்டால், அந்தப் பெயரில் தருவதற்கு எதுவும் இல்லை என்று வங்கி ஊழியர் பதில் எழுதிவிட்டுப் போய்விடலாம், விதிப்படி அது தப்பும் ஆகாது. அதனால் புதிய கடிதத்தில் இப்படி எழுதினோம்: "ஐஆர்எம் எண், நோக்கக் குறியீடு, அனுப்பியவர் பெயர், அந்நியச் செலாவணித் தொகை ஆகியவை அடங்கிய வரவு அறிவிப்பு". வங்கிக்கு வங்கி பெயர் மாறினாலும், தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

இனி அந்த 4,200 யூரோ. பழைய கடிதத்தில் 7 ஜூன் என்று போட்டிருந்தது, வாடிக்கையாளர் "இன்று பணம் அனுப்பிவிட்டோம்" என்று மின்னஞ்சல் போட்ட நாள். அது வெள்ளிக்கிழமை. பணம் நகர்ந்தது திங்கட்கிழமை. எங்கள் கணக்கில் ஏறியது புதன், 12 ஜூன். நடுவே எதற்காக வந்த பணம் என்று வங்கி கேட்டிருக்கிறது. அலுவலகத்துப் பையன் ஒருவர் நெட் பேங்கிங்கில் பதில் போட்ட பிறகே வரவு வைத்திருக்கிறார்கள். ஆக 7ஆம் தேதியில் தேடினால் வங்கியில் ஒன்றும் கிடைக்காது.

தொகையும் 4,200 இல்லை. வங்கிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலை வாடிக்கையாளரின் வங்கியிடம் கேட்டு வாங்கினோம். அதில் இந்த வரிகள் இருந்தன:

```
:32A:240610EUR4180,00
:33B:EUR4200,00
:71A:SHA
:71F:EUR20,00
```

இந்த வரிகளை வாசிக்கத் தெரிந்தால் கணக்கு புரிந்துவிடும். 33B என்பது வாடிக்கையாளர் அனுப்பச் சொன்ன தொகை, 4,200. SHA என்றால் கட்டணத்தை இரு தரப்பும் பகிர்ந்துகொள்வது. அதனால் வழியில் 20 யூரோ கழிந்திருப்பதை 71F சொல்கிறது. 32A என்பது வங்கிகளுக்கிடையே உண்மையில் கைமாறிய தொகையும் தேதியும்: 2024 ஜூன் 10, 4,180 யூரோ. எங்கள் வங்கியின் பதிவில் இருப்பது இந்த 4,180 மட்டும்தான். 4,200 என்று தட்டித் தேடியவருக்கு எப்படிக் கிடைக்கும்?

ரூபாயில் பார்த்தால் இடைவெளி இன்னும் கூடுகிறது. வங்கி அன்று போட்ட விலை யூரோவுக்கு ரூ.89.40. 4,180 யூரோவுக்கு ரூ.3,73,692. இதிலிருந்து வங்கி தன் கட்டணம் ரூ.250, அதற்கு ஜிஎஸ்டி ரூ.45 எடுத்தது. அது போக, செலாவணியை மாற்றித் தந்த சேவைக்கு இன்னொரு ஜிஎஸ்டி உண்டு. பலருக்கு இது ஏன் பிடிக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான தொகைக்கு, ரூ.1,000 உடன் லட்சத்துக்கு மேற்பட்டதில் 0.5 சதவீதம் சேர்த்து வருவதைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் 18 சதவீதம் போட வேண்டும் என்பது விதி. இங்கே மதிப்பு ரூ.2,368.46, வரி ரூ.426.32. எல்லாம் போகக் கணக்கில் ஏறியது ரூ.3,72,970.68.

ஆக ஒரே பணத்துக்கு மூன்று உருவம்: இன்வாய்ஸில் 4,200 யூரோ, செலாவணிப் பிரிவின் பதிவில் 4,180 யூரோ, கணக்கு அறிக்கையில் ரூ.3,72,970.68. கிளையில் இருப்பவர் கணக்கு அறிக்கையைத் திறந்து பார்ப்பார். அறிவிப்பைத் தயாரிக்கும் மையப் பிரிவு யூரோத் தொகையில் தேடும். இருவருக்கும் கைகொடுக்க வேண்டுமென்றால் கடைசி இரண்டையும் கடிதத்தில் எழுத வேண்டும். இன்வாய்ஸ் தொகை மூன்றாவதாக வந்தால் போதும்.

பெயரிலும் ஒரு சிக்கல். மேடத்துக்கு வாடிக்கையாளர் என்றால் வரைபடம் கேட்கும் அந்தப் பம்ப் கம்பெனி. ஆனால் பணம் அனுப்பியது அதே குழுமத்தின் நிதியைக் கவனிக்கும் வேறொரு கம்பெனி. ஸ்விஃப்ட் செய்தியில் அனுப்புநராக அந்தப் பெயர்தான் இருந்தது. வரவு அறிவிப்பிலும் அதுதான் வரும். வரவு அறிவிப்பில் ஒரு பெயர், இன்வாய்ஸில் இன்னொரு பெயர் என்றிருந்தால் ஜிஎஸ்டி அலுவலகத்தில் கேள்வி வரும். அதற்கு வங்கி ஒன்றும் செய்ய முடியாது. குழுமத்தின் சார்பில் இன்ன கம்பெனிதான் பணம் செலுத்தும் என்று வாடிக்கையாளரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வைத்தோம்.

இவ்வளவையும் தேடி எடுக்க எங்களுக்கு ஒரு முழு மதியம் ஆனது. வங்கியின் உள்வரவு எண் கணக்கு அறிக்கையின் விவரப் பகுதியில் இருந்தது. ஆனால் பதிவிறக்கிய பிடிஎஃப்பில் அந்த வரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. நெட் பேங்கிங்கில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பார்த்தபோதுதான் முழு எண்ணும் தெரிந்தது. பழைய கடிதத்தில் இந்த எண் இருந்திருந்தால் தேதியும் தொகையும் தப்பாக இருந்தும்கூடப் பணத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அனுப்பிய வங்கியிடமிருந்து UETR வாங்கலாம். ஒரு பரிமாற்றம் தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம் வரை மாறாமல் கூடவே வரும் 36 எழுத்து எண் அது. வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் தருவார்கள்.

ஜூலைத் தொகைக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். பழைய கடிதத்தில் 3,600, 2,750 என்று இரண்டு தொகைகளாக இருந்தது, இன்வாய்ஸ் இரண்டு என்பதால். வாடிக்கையாளர் இரண்டையும் சேர்த்து 6,350 யூரோவாக ஒரே தடவையில் அனுப்பியிருந்தார். கட்டணத்தையும் அவரே ஏற்றுக்கொண்டதால் பிடித்தம் இல்லை. 18 ஜூலை அன்று முழுத் தொகையும் வரவாகியிருந்தது. வங்கியின் பார்வையில் இது ஒரே வரவு, ஒரே ஐஆர்எம். அறிவிப்பும் ஒன்றுதான் வரும். ஜிஎஸ்டி பட்டியலில் இரண்டு இன்வாய்ஸுக்கும் எதிரே அதே எண்ணை எழுதி, தொகையைப் பிரித்துக் காட்டினால் போதும். இது சுலபமாகத் தீர்ந்தது.

சுலபமாகத் தீராதது நோக்கக் குறியீடு. உள்ளே வரும் பணம் எதற்கு வந்தது என்று ரிசர்வ் வங்கி வகுத்த குறியீட்டில் சொல்ல வேண்டும். பொறியியல் சேவைக்கு P1014. ஜூன் வரவில் அது சரியாகவே இருந்தது. ஜூலையில் வங்கி கேட்டபோது பதில் போட்டவர் வேறொருவர். பட்டியலில் "ஏற்றுமதிக்கான முன்பணம்" என்ற வரியைப் பார்த்ததும், ஏற்றுமதிதானே என்று அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அது P0103. சரக்கு ஏற்றுமதிக்கான முன்பணத்துக்கு உரிய குறியீடு.

இதன் விளைவு சின்னது இல்லை. P0103 என்று பதிவானால் அந்தத் தொகை இடிபிஎம்எஸ் முறையில் திறந்தபடியே நிற்கும். இந்தப் பணத்துக்கு எதிரான ஷிப்பிங் பில் எங்கே என்று அந்த முறை காத்துக்கொண்டிருக்கும். வரைபடத்துக்கு ஷிப்பிங் பில் எந்தக் காலத்திலும் வராது. இதற்கு ஒரு தடயம் எங்கள் கையிலேயே இருந்தது. நிலுவையில் உள்ள உள்வரவுக்கு ஏற்றுமதி ஆவணம் தரவும் என்று வங்கியிலிருந்து தானியங்கி மின்னஞ்சல் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. நாம் சரக்கு அனுப்புவதில்லையே, யாருக்கோ வர வேண்டியது நமக்கு வருகிறது என்று அலுவலகத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சேவை மட்டும் ஏற்றுமதி செய்பவருக்கு அப்படி ஒரு மின்னஞ்சல் வருகிறது என்றால், எங்கோ ஒரு வரவு சரக்குக் குறியீட்டில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் தளத்தில் உள்ளே நுழைந்து, வங்கி அனுப்பிய ஐஆர்எம்களைத் திறந்து பார்த்தாலும் குறியீடு தெரிந்துவிடும். 2023 நவம்பரில் அறிவித்த புதிய முறைப்படி, அந்த ஐஆர்எம்களை வைத்து, மின்னணு வரவுச் சான்றான இபிஆர்சியை ஏற்றுமதியாளரே சான்றளித்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடியில் இருக்கும் ஐஆர்எம் சரக்குக் குறியீட்டில் இருந்தால் அதன்மேல் சேவைக்கான சான்றைக் கட்டுவது சரியாகாது.

அப்படியானால் வங்கியிடம் என்ன கேட்பது? மேடம் சொன்னார், "ரெண்டையும் ஒரே லெட்டர்ல கேட்டுடலாங்க. கோடை மாத்துங்க, அறிவிப்பையும் குடுங்கன்னு." நான் வேண்டாம் என்றேன். வங்கியில் அறிவிப்பு தருவது தினசரி வேலை. எடுத்து அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். குறியீட்டைத் திருத்துவது அப்படி இல்லை. ஆவணம் பார்த்து, மேலதிகாரி ஒப்புதல் வாங்கி, ரிசர்வ் வங்கியின் முறையில் ஏறியதையும் திருத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சுலபமானது முதலில் நடந்துவிடும். P0103 என்று அச்சிட்ட அறிவிப்பு நம் கைக்கு வரும். அப்புறம் திருத்தம் கேட்டால், ஏற்கெனவே ஓர் அறிவிப்பு தந்தாகிவிட்டது, அதை ஒப்படைத்துவிட்டு உறுதிமொழி எழுதித் தாருங்கள் என்று இன்னொரு சுற்று தொடங்கும். அதனால் ஜூலை வரவுக்கு முதலில் திருத்தக் கடிதம் மட்டும். இரண்டு இன்வாய்ஸ், வேலைக்கான ஒப்பந்தம், வரைபடங்களை ஒப்படைத்த மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்து, "இது சேவைக்கான வரவு, சரக்கு எதுவும் ஏற்றுமதி ஆகவில்லை, ஆகவும் போவதில்லை, குறியீட்டை P0103-லிருந்து P1014-க்கு மாற்றி, இடிபிஎம்எஸ் நிலுவையையும் நீக்கித் தரவும்" என்று எழுதினோம். அந்தக் கடைசிப் பகுதி முக்கியம். வங்கியின் உள் பதிவில் மட்டும் மாற்றிவிட்டு நிலுவையை அப்படியே விட்டுவிட வாய்ப்பு இருக்கிறது.

செப்டம்பரின் 1,150 யூரோவுக்கு விடை ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் மூன்று வாரம் வீணாகியிருந்தது. அந்த முறை வாடிக்கையாளர் வங்கி வழியே அனுப்பாமல் ஒரு பணப் பரிமாற்றத் தளம் வழியாக அனுப்பியிருந்தார். அந்தத் தளம் யூரோவை ஐரோப்பாவிலேயே வாங்கிக்கொண்டு, இந்தியாவில் தான் கணக்கு வைத்திருக்கும் வங்கி மூலம் ரூபாயாக மாற்றி, நெஃப்டில் எங்கள் கணக்குக்குப் போட்டது. எங்கள் வங்கிக்கு அது பக்கத்துத் தெருவிலிருந்து வந்த உள்நாட்டுப் பணம் போலத்தான். அந்நியச் செலாவணியே அங்கே வரவில்லை, ஐஆர்எம்மும் இல்லை. எவ்வளவு நன்றாகக் கடிதம் எழுதினாலும் அவர்களால் தர முடியாது. அறிவிப்பைத் தர வேண்டியது யூரோவை உள்ளே வாங்கிய வங்கி. தளத்தில் நம் கணக்கில் நுழைந்து பார்த்தால் அந்த வங்கி வெளியிட்ட அறிவிப்பு பதிவிறக்கத் தயாராக இருந்தது. கணக்கு அறிக்கையில் வரவின் விவரத்தில் NEFT என்று தொடங்கினால், கடிதம் எழுதும் முன் அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

ஆக நான்கு தொகை கேட்ட கடிதம், கடைசியில் ஒரே ஒரு தொகைக்கான கடிதமாகச் சுருங்கியது. ஜூன் வரவு. அதை இப்படி எழுதினோம்.

"பொருள்: நடப்புக் கணக்கு (கடைசி நான்கு எண்கள்), 12.06.2024 அன்று வரவான 4,180.00 யூரோவுக்கு வரவு அறிவிப்பு வேண்டுதல்.

ஐயா, மேற்கண்ட கணக்கில் 12.06.2024 அன்று ரூ.3,72,970.68 வரவு வைக்கப்பட்டுள்ளது. தங்கள் உள்வரவு எண் (முழு எண்). அந்நியச் செலாவணித் தொகை 4,180.00 யூரோ, மதிப்புத் தேதி 10.06.2024. செய்தியில் உள்ளபடி அனுப்பியவர் பெயர் (நிதிக் கம்பெனியின் பெயர்). நோக்கக் குறியீடு P1014. இது எங்கள் 20.05.2024 தேதியிட்ட 4,200 யூரோ இன்வாய்ஸுக்கான பணம். 20 யூரோ வழியில் வங்கிக் கட்டணமாகக் கழிந்துள்ளது.

இந்த வரவுக்கு, ஐஆர்எம் எண்ணும் மேற்கண்ட விவரங்களும் அடங்கிய வரவு அறிவிப்பையும், ஸ்விஃப்ட் செய்தியின் நகலையும் தர வேண்டுகிறோம். சேவை ஏற்றுமதிக்கான ஜிஎஸ்டி திரும்பப்பெறும் விண்ணப்பத்தில் இணைக்க இது தேவை. இந்த வரவுக்கு இதற்கு முன் அறிவிப்பு எதுவும் எங்களுக்கு வரவில்லை. கட்டணம் இருந்தால் இதே கணக்கில் பிடித்துக்கொள்ளலாம். இணைப்பு: இன்வாய்ஸ், கணக்கு அறிக்கையில் அந்தப் பக்கம்."

கணக்கில் கையெழுத்திடும் உரிமை உள்ளவர் என்ற முறையில் மேடமே கையெழுத்திட்டார். வங்கியில் பதிவான மின்னஞ்சலிலிருந்தே அனுப்பினார். முதல் கடிதம் அலுவலகத்தின் பொது மின்னஞ்சலிலிருந்து போயிருந்தது.

"இதற்கு முன் வரவில்லை" என்ற அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன் உண்மையிலேயே தேடிப் பார்த்தோம். பல வங்கிகள் வரவு வைத்த அன்றோ மறுநாளோ அறிவிப்பைத் தாமாகவே மின்னஞ்சலில் அனுப்பிவிடுகின்றன. கணக்கில் பதிவான முகவரி எப்போதோ வேலையை விட்டுப் போனவருடையதாக இருந்தால் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஒருமுறை வெளியிட்டதை மறுபடி கேட்டால் நகல் என்று முத்திரை குத்தித்தான் தருவார்கள், சில வங்கிகள் அதற்கு உறுதிமொழிப் பத்திரமும் கேட்கும். எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பொருள் வரியில் கணக்கும் தேதியும் தொகையும் போட்டதற்கும் காரணம் உண்டு. கிளையில் இருப்பவர் இந்த அறிவிப்பைத் தயாரிப்பதில்லை. வெளிநாட்டு வர்த்தகப் பிரிவு வேறு ஊரில் இருக்கிறது. கிளை அதை அங்கே தள்ளிவிடும். நேரில் போய் விளக்கிச் சொன்னது எதுவும் கூடப் போகாது, கடிதத்தில் இருப்பது மட்டும்தான் போகும். கிளையில் இருந்த சார் புதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இது நேரா ஃபார்வர்ட் பண்ணிடலாங்க, நான் ஒண்ணும் சேர்க்க வேண்டியதில்லை" என்றார். "அவசரம்" என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் எதற்குத் தேவை என்பது அங்கே இருந்தது.

நான்காவது வேலை நாளில் ஜூன் அறிவிப்பு வந்தது. வந்ததும் கோப்பில் போடாமல் வரி வரியாகப் பார்த்தோம். நல்ல வேளை பார்த்தோம். பயனாளி பெயரில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக மேடத்தின் பெயர் மட்டும் இருந்தது. தனி உரிமையாளர் நிறுவனம் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நமக்குத் தெரியும். ஜிஎஸ்டி பதிவிலும் சட்டப்படியான பெயர் அவருடையதுதான். ஆனால் இன்வாய்ஸில் நிறுவனப் பெயர் இருக்கிறது. பான் எண் அறிவிப்பில் இருந்ததால், அதுவே போதும் என்று விட்டுவிட்டோம். பான் இல்லாதிருந்தால் திருத்தித் தரச் சொல்லி அன்றே திருப்பியிருப்போம். தொகை, குறியீடு, ஐஆர்எம் எண், தேதி எல்லாம் சரியாக இருந்தன.

ஜூலைத் திருத்தம் பதினோரு வேலை நாள் எடுத்தது. நடுவே ஒருமுறை, ஒப்பந்தத்தில் வேலையின் விவரம் தெளிவாக இல்லை என்று கேட்டார்கள். வேலை ஆணையின் இரண்டாம் பக்கத்தை அனுப்பினோம். குறியீடு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்ததும் உடனே அறிவிப்பு கேட்கவில்லை. டிஜிஎஃப்டி தளத்தில் P1014 தெரிகிறதா என்று முதலில் பார்த்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்புறம் ஜூன் கடிதத்தையே எடுத்து எண்களை மாற்றி, 6,350 யூரோ எந்த இரண்டு இன்வாய்ஸுக்கு எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினோம். மூன்றாம் நாள் வந்துவிட்டது. நிலுவை மின்னஞ்சல்களும் அந்த மாதத்தோடு நின்றன.

விண்ணப்பத்தை மறுபடி போட்டோம். ஜூன் வரவுக்கான இன்வாய்ஸில் 4,200 என்றும் அறிவிப்பில் 4,180 என்றும் இருப்பதைப் பற்றி ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. 33B, 71F வரிகளுக்குக் கீழே கோடு போட்டு ஸ்விஃப்ட் நகலை அனுப்பினோம். கூடவே, நிதிக் கம்பெனி பணம் செலுத்துவதற்கான வாடிக்கையாளரின் கடிதத்தையும் கேட்காமலே வைத்தோம். வேறு கேள்வி வரவில்லை. அனுமதி ஆணை வந்த அன்று மேடம் வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார்: இனிப் பணம் அனுப்பும்போது செய்தியில் இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பிடவும், அனுப்பிய அன்றே UETR எண்ணைத் தெரிவிக்கவும்.